திறந்து கிடக்கும் பக்குகளின் வயது

ஜூன் 30, திங்கட்கிழமை காலை. எங்கள் டீமுக்குப் புதிதாக லீட் ஆகியிருந்த தம்பி, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். முகத்தில் கலக்கம்.

"அக்கா, நம்ம ஓப்பன் பக்கோட சராசரி வயசு போன மாசம் 74 நாள் இருந்துச்சு. இந்த மாசம் 91 ஆயிருச்சு. பசங்க இந்த மாசம் முழுக்க ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் உக்காந்து பக்கு சரிபண்ணியிருக்காங்க. பதினோரு மணிக்கு மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்றது?"

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிற சின்ன டீம் எங்களுடையது. நான் அதில் டெஸ்டிங் பார்க்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் இருவரும் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உழைத்த டீமை உழைக்காத டீமாகக் காட்டிவிடும் ஓர் எண்ணைப் பற்றிய விஷயம் இது. மென்பொருள் கம்பெனி வாசலை மிதிக்காதவர்களுக்கும் புரியும் கணக்குதான்.

மென்பொருளில் ஒரு கோளாறு தெரிந்தால் அதற்கு 'பக்' என்று பெயர். கடைக்காரர் போனில் சொன்னாலும், டெஸ்டர் கண்டுபிடித்தாலும், அது ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடுதான் இஷ்யூ டிராக்கர். ஜிரா, பக்ஸில்லா என்று பல உண்டு. மருத்துவமனை ஓ.பி. சீட்டு மாதிரி ஒவ்வொரு பக்குக்கும் ஓர் எண், பதிவான தேதி, எவ்வளவு மோசம் என்ற குறிப்பு, யார் கையில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். சரிசெய்து, டெஸ்ட் செய்து முடித்தால் 'குளோஸ்'. அதுவரை 'ஓப்பன்'. பதிவான நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் ஓப்பனாகவே கிடக்கிறதோ அதுதான் அந்தப் பக்கின் வயது. டிராக்கரிலிருந்து இந்தப் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி எக்செலில் திறந்து கணக்குப் போடுவது லீடின் வழக்கமான திங்கட்கிழமை வேலை.

தம்பி கவனமானவர். இறக்கிய கோப்பில் 61 வரிகள் இருந்தன. அவற்றில் 11 பக்கே இல்லை. 'ரிப்போர்ட்டில் இன்னொரு பட்டன் வேண்டும்' என்பது போன்ற புது வேலைகள். இன்னும் 8 சரிசெய்து முடித்தவை, டெஸ்டிங்குக்குக் காத்திருந்தன. அவை என் மேசையில் இருந்த வேலை, டெவலப்பர்களுடையது அல்ல. இரண்டு பக்குகள் இரண்டு முறை பதிவாகியிருந்தன. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, மீதி 40 பக்குகளை வைத்துத்தான் அவர் சராசரி போட்டிருந்தார். பலர் இந்த ஒதுக்கலைச் செய்வதில்லை. இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோப்பில் வரிகள் மிகச் சரியாக 1000 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பல இடங்களில் ஜிரா ஒரு தடவைக்கு 1000 வரிகளுக்கு மேல் தராதபடிதான் அமைக்கப்பட்டிருக்கும். மீதி சத்தமில்லாமல் விடுபட்டிருக்கும்.

தேதியிலும் அவர் ஒரு பள்ளத்தைத் தாண்டி வந்திருந்தார். எங்கள் டிராக்கர் மாதத்தை முன்னால் போட்டு எழுதும். எங்கள் கணினிகளோ நம் ஊர் வழக்கப்படி நாளை முன்னால் வைத்துப் படிக்கும். ஜூன் 4 அன்று பதிவான பக் 06/04/2025 என்று வரும். எக்செல் அதை ஏப்ரல் 6 என்று எடுத்துக்கொள்ளும். 26 நாள் வயதான பக்கு ஒரு நொடியில் 85 நாள் கிழமாகிவிடும். கண்ணுக்குத் தெரியவே தெரியாத தப்பு இது, ஏனென்றால் ஏப்ரல் 6-ம் நிஜமான தேதிதானே. ஆனால் இந்தத் தப்பு எங்காவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜூன் 9 அன்று பதிவான பக்கை எக்செல் செப்டம்பர் 6 என்று படித்ததால் அதன் வயது மைனஸ் 68 என்று வந்தது. பிறக்காத பக்கு! ஜூன் 18 போன்ற தேதிகளைப் படிக்கவே தெரியாமல், அவற்றைத் தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தது. மைனஸ் வயதும் இடது ஓரத் தேதியும் கண்ணில் பட்டால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தம்பி அதைப் பிடித்துச் சரிசெய்துவிட்டார்.

வயதுக் கணக்குக்கு அவர் எழுதியிருந்த சூத்திரமும் சரியானதுதான். கோப்பை இறக்கிய தேதியை H1 கட்டத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, அதிலிருந்து பதிவான தேதியைக் கழித்திருந்தார்.

```
=$H$1-INT(B2)
```

H1 இருக்கும் இடத்தில் பலர் TODAY() என்று போட்டுவிடுவார்கள். போட்டால், இன்று மேனேஜருக்கு அனுப்பிய கோப்பை அவர் வியாழக்கிழமை திறக்கும்போது எல்லா வயதும் மூன்று நாள் கூடியிருக்கும். இருவரும் ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு பேசுவார்கள். INT எதற்கென்றால், டிராக்கர் தேதியோடு மணி நிமிடத்தையும் தருகிறது. அதை வெட்டிவிட்டால் முழு நாள் மட்டும் மிஞ்சும்.

ஆக, 91 என்பது தப்பான எண் இல்லை. அப்படியென்றால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்த உழைப்பு எங்கே போனது?

ஒரு காகிதத்தில் அவருக்கு எழுதிக் காட்டினேன். ஐந்து பக்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வயது 2, 4, 6, 100, 200 நாள். கூட்டினால் 312. சராசரி 62 நாள் சொச்சம். டீம் மும்முரமாக வேலை செய்து புதிதாக வந்த மூன்றையும் அதே வாரத்தில் முடித்துவிட்டது. மிச்சம் 100, 200. சராசரி 150! ஐந்தில் மூன்றைத் தீர்த்த டீமின் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. யாரும் எதையும் தொடாமல் சும்மா இருந்தாலே ஒவ்வொரு பக்கின் வயதும் தினமும் ஒன்று கூடும். புதுசை உடனுக்குடன் முடிக்க முடிக்க, பட்டியலில் பழசின் பங்குதான் பெருகும். எங்கள் டீமில் ஜூன் மாதம் நடந்தது அச்சு அசலாக இதுதான்.

திறந்து கிடக்கும் பக்குகளின் வயது, மிஞ்சிப்போனவற்றைப் பற்றிய கணக்கு. டீமின் வேகத்தைப் பற்றிய கணக்கு அல்ல. வேகம் தெரிய வேண்டுமென்றால், அந்த மாதம் முடித்த பக்குகளை எடுத்து, பதிவான நாளிலிருந்து முடித்த நாள்வரை எத்தனை நாள் ஆனது என்று தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குச் சொன்னால் டீமுக்கு அநியாயம்.

இதே ஓட்டையை எதிர்ப்பக்கமாகவும் பயன்படுத்தலாம், பயன்படுத்துகிறார்கள். காலாண்டு முடிகிற வாரத்தில் பழைய பக்குகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'சரிசெய்யப் போவதில்லை' என்று மூடிவிட்டால் சராசரி சடாரென்று இறங்கும். மென்பொருளில் ஒரு வரிகூட மாறியிருக்காது. கடைக்காரரின் கோளாறு கடையிலேயே இருக்கும்.

சராசரியின் இன்னொரு குணத்துக்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. உபுண்டு இயங்குதளத்தின் பதிவேட்டில் முதல் எண் பக்கை 2004 ஆகஸ்ட் 20 அன்று பதிவு செய்தவர் அதை நிறுவிய மார்க் ஷட்டில்வொர்த். என்ன கோளாறு என்றால், 'சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது' என்பது! முக்கியத்துவம், கிரிட்டிக்கல். 2013 மே 30 அன்று அவரே அதை மூடினார். 3,205 நாள் அது திறந்தே இருந்தது. அது ஒரு லட்சியப் பிரகடனம், பக்காகப் பதிவானது. ஆனால் எக்செலுக்கு அது தெரியாது. நாற்பது பக்குள்ள பட்டியலில் இப்படி ஒன்று இருந்தால், அது ஒன்றே சராசரியை 80 நாள் உயர்த்திவிடும். அதனால்தான் சராசரியை விட இடைநிலை நம்பகமானது. எல்லாப் பக்குகளையும் வயதுப்படி வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதன் வயதைக் கேட்பதுதான் இடைநிலை. வரிசையின் கடைசியில் இருப்பவர் எவ்வளவு கிழவராக இருந்தாலும் நடுவில் நிற்பவர் மாறமாட்டார். எங்கள் பட்டியலில் 'மைனர்' வகைப் பக்குகள் 18. அவற்றின் சராசரி 118 நாள், இடைநிலை 47 நாள். இரண்டு எண்ணும் இவ்வளவு விலகி நின்றால் கடைசியில் சில பழைய பக்குகள் கிடக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். போய்ப் பார்த்தோம். ஒன்றின் வயது மட்டும் 900 நாளைத் தாண்டியிருந்தது.

சரி, மேனேஜருக்கு எதைக் காட்டுவது? வயதைத் தனியாகப் பார்க்காமல் தீவிரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றேன். தீவிரம் என்றால் அந்தக் கோளாறு பயன்படுத்துகிறவரை எவ்வளவு பாதிக்கிறது என்பது. எங்கள் பதிவேட்டில் அதற்கு நான்கு படிகள்: கிரிட்டிக்கல், மேஜர், மைனர், டிரிவியல்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. தீவிரம் வேறு, அவசரம் வேறு. பில்லின் தலைப்பில் கடைப் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகிறது என்றால் மருந்துக்கோ பணத்துக்கோ கேடு இல்லை. தீவிரம் மிகக் குறைவு. ஆனால் கடைக்காரர் அன்றைக்கே சரிசெய்யச் சொல்வார். அவசரம் அதிகம். ஒரே பில்லில் 500 மருந்துக்கு மேல் ஏற்றினால் மென்பொருள் செத்துவிடுகிறது என்பது தீவிரமான கோளாறு. ஆனால் எந்தக் கடையும் அப்படி ஒரு பில் போடுவதில்லை, எனவே அவசரமில்லை. ஜிராவில் வழக்கமாக இருப்பது அவசரத்துக்கான `Priority` என்ற களம்தான். தீவிரத்துக்கான களத்தை நாமாகத்தான் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் அவசரத்தையே தீவிரம் என்று அறிக்கையில் போடுகிற டீம்கள் உண்டு. அந்த அறிக்கையில் எழுத்துப்பிழை மேலே வரும், மென்பொருள் சாகிற கோளாறு கீழே போகும். அதோடு, பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே படியில் குவிந்திருந்தால், பதிவு செய்தவர்கள் யோசித்துப் போட்டதா அல்லது படிவம் தானாகப் போட்டுவைத்ததை மாற்றாமல் விட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

நாங்கள் நாற்பதையும் தீவிரத்தை வரிசையாகவும் வயதைப் பத்தியாகவும் வைத்து ஒரே கட்டமாக அடுக்கினோம். C பத்தியில் தீவிரம், E பத்தியில் வயது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(C:C,"Critical",E:E,">90")
```

வந்தது இதுதான்:

| தீவிரம் | 0–7 நாள் | 8–30 | 31–90 | 90க்கு மேல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| கிரிட்டிக்கல் | 1 | 1 | 0 | 2 | 4 |
| மேஜர் | 4 | 3 | 3 | 2 | 12 |
| மைனர் | 3 | 5 | 4 | 6 | 18 |
| டிரிவியல் | 0 | 1 | 2 | 3 | 6 |
| மொத்தம் | 8 | 10 | 9 | 13 | 40 |

இந்தக் கட்டத்தில் எல்லா மூலைக்கும் ஒரே மதிப்பு இல்லை. கீழ் வலது மூலையில் இருக்கும் மூன்று டிரிவியல் பக்குகள் இன்னும் ஓர் ஆண்டு கிடந்தாலும் ஒருவருக்கும் நஷ்டமில்லை. உலகமே பயன்படுத்துகிற ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில், சுட்டியை வைத்தால் தோன்றும் குறிப்புப் பெட்டி மற்ற ஜன்னல்களுக்கு மேல் மறையாமல் நின்றுவிடும் என்ற கோளாறு 2002-ல் பதிவாகி 2023-ல்தான் சரிசெய்யப்பட்டது. அதற்காக அந்த டீமைக் குறை சொல்ல முடியாது. பழசு என்பதாலேயே ஒரு பக்கு மோசமாகிவிடாது.

மேல் வலது மூலைதான் நெஞ்சை அடைக்க வைக்கும் இடம். தீவிரம் மிக அதிகம், வயதும் மிக அதிகம். அங்கே '2' என்று இருந்தது. அந்த இடத்துக்கு மட்டும் எண் போதாது. அங்கிருக்கும் ஒவ்வொரு பக்கையும் திறந்து, எழுதியிருப்பது முழுக்கப் படிக்க வேண்டும். கிரிட்டிக்கல் நான்கின் வயது 3, 12, 96, 433. சராசரி 136 என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட ஒரு பக்கும் இல்லை. நான்கே பக்குகளுக்குச் சராசரியும் வேண்டாம், இடைநிலையும் வேண்டாம். பெயரைச் சொல்லி எழுதிவிடலாம்.

தம்பியின் கண் உடனே 433-க்குப் போனது. மேனேஜரின் கண்ணும் அங்கேதான் போகும் என்று இருவருக்கும் தெரியும். திறந்தோம். ஒரே மருந்தை இரண்டு கவுண்டர்களில் ஒரே நொடியில் பில் போட்டால் இருப்பு மைனஸில் போகிறது என்ற கோளாறு. 2024 ஏப்ரல் 23 அன்று பதிவானது. அந்த ஜூனிலேயே சரிசெய்து மூடியிருக்கிறார்கள். இந்த ஆண்டு மே 20 அன்று வேறொரு கடையில் அதே கோளாறு தலைகாட்ட, மீண்டும் திறந்திருக்கிறார்கள். மீண்டும் திறந்தாலும் பதிவான தேதி பழையதாகவே இருக்கும். நடுவில் மூடிக் கிடந்த பதினோரு மாதமும் வயதில் சேர்ந்துவிட்டது. மூடிய தேதியும் மறுபடி திறந்த தேதியும் பக்கின் வரலாற்றுப் பக்கத்தில் உண்டு. எக்ஸ்போர்ட் கோப்பில் அந்த வரலாறு வருவதில்லை. இந்த முறை அது திறந்திருந்தது 41 நாள். ஒரு டெவலப்பர் முந்தின வெள்ளிக்கிழமைகூட அதில் குறிப்பு எழுதியிருந்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த பக்கு அல்ல அது.

அடுத்தது 96. நிலை, 'தகவல் தேவை'. காலாவதியான அட்டையை முழுதாக பில் போட்டால் மென்பொருள் தடுக்கிறது. அதே அட்டையிலிருந்து நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுத்தால் தடுக்காமல் பில் போட்டுவிடுகிறது. மார்ச் 26 அன்று ஒரு கடைக்காரர் போனில் சொன்னது. டெவலப்பர் 'எந்த பேட்ச் எண்?' என்று ஒரு வரி கேட்டிருக்கிறார். சப்போர்ட்டில் இருந்தவர் கடைக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. கேட்ட டெவலப்பர் மே மாதம் வேறு டீமுக்குப் போய்விட்டார். பக்கு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது.

இதை ஏன் முன்பே யாரும் கவனிக்கவில்லை? கடைசியாக மாற்றிய தேதியைக் காட்டும் `Updated` பத்தியில் ஜூன் 12 என்று இருந்தது. சமீபத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பத்தியை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தோம். பழைய பக்குகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதே ஜூன் 12, அதே மணி. அன்று யாரோ எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஓர் ஒட்டலில், தொண்ணூறு நாளாகத் தூங்கிய பக்கும் விழித்திருப்பது போலத் தோன்றிவிட்டது. ஒரே தேதியும் ஒரே மணியும் வரிசையாகத் தெரிந்தால் `Updated` பத்தியை நம்பாதீர்கள். கடைசியாக ஒரு மனிதர் குறிப்பு எழுதிய நாளைத் தேடுங்கள். இந்தப் பக்கில் அது ஏப்ரல் 2.

காலாவதியான மாத்திரை ஒருவர் கைக்குப் போகக்கூடும் என்ற கோளாறு இது. மேனேஜர் கேட்கவிருந்த 433-ஐ விட, யாருமே கேட்காத இந்த 96 எனக்குப் பெரிதாகப்பட்டது, இன்றும் அப்படித்தான்.

தம்பி அறிக்கையை மாற்றி எழுதினார். முதல் வரியில் சராசரி இல்லை. அந்தக் கட்டம், அதன் கீழே மேல் வலது மூலையின் இரண்டு பக்குகள். ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு, பதிவான நாள், மீண்டும் திறந்த நாள், கடைசியாக ஒருவர் எழுதிய நாள், இப்போது யார் கையில் என்று இரண்டே வரி. 433-ஐ 41 என்று மாற்றி எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள் என்றேன். டெவலப்பருக்கு அது 41 நாள் வேலை. கடைகளுக்கு அது முதல் தடவை சரியாகத் தீராத கோளாறு. அந்த மாதம் முடித்த பக்குகள் எத்தனை, எத்தனை நாளில் முடிந்தன என்பதைத் தனி வரியாகச் சேர்த்தார். ராத்திரி ஒன்பது மணி உழைப்பு அந்த வரியில்தான் தெரிந்தது.

மீட்டிங் இருபது நிமிடத்தில் முடிந்தது. காலாவதிப் பக்கை அங்கேயே ஒரு பெண் டெவலப்பர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பேட்ச் எண்ணே தேவைப்படவில்லை. அட்டையாக விற்கும்போது நடக்கும் தேதிச் சோதனை, சில்லறையாக விற்கும் வழியில் எழுதப்படவே இல்லை. எந்த பேட்ச்சை வைத்துப் பார்த்தாலும் கோளாறு வந்தது. புதன்கிழமை சரிசெய்தார், வெள்ளிக்கிழமை நான் டெஸ்ட் செய்து மூடினேன்.

ஜூலை 7, அடுத்த திங்கட்கிழமை அறிக்கையில் மேல் வலது மூலையில் '1' என்று இருந்தது. இரட்டைக் கவுண்டர் பக்கு. பதிவாகி 440 நாள், மீண்டும் திறந்து 48 நாள்.